பத்து மாடும் எட்டு லட்சம் கடனும்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 36. திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், சம்பளம் 24,000. சொந்த ஊர் அந்தியூர் பக்கம். கிணற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் இருக்கிறது. அப்பா ஒரு ஏக்கரில் மஞ்சள் போடுகிறார், இன்னொரு ஏக்கர் சும்மா கிடக்கிறது. வேலையை விட்டுவிட்டு பத்து எச்.எப். கலப்பின மாடு வாங்கிப் பால் பண்ணை வைக்கலாம் என்று இருக்கிறேன். கையில் 4 லட்சம் உள்ளது, வங்கியில் 8 லட்சம் கடன் கேட்டிருக்கிறேன். மாட்டுக்கு 15 லிட்டர் என்றால் நாளைக்கு 150 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்றாலும் மாதம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும், தீவனத்துக்குப் பாதி போனாலும் 75,000 நிற்கும் என்கிறார்கள். பாதி மானியம் உண்டாமே? தரகர் ஒருவர் பத்து மாட்டையும் ஒரே வாரத்தில் பிடித்துத் தருவதாகச் சொல்கிறார். இறங்கலாமா?

பதில்:

வணக்கம் தம்பி. இறங்கலாம். ஆனால் பத்து மாட்டோடு வேண்டாம், எட்டு லட்சம் கடனோடு வேண்டவே வேண்டாம், வேலையையும் இப்போது விட வேண்டாம். இரண்டு மாட்டில் தொடங்குங்கள். ஆறு மாதம் கழித்து இன்னும் இரண்டு வாங்கலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது ஒரே ஒரு மாட்டின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும்.

பதினைந்து லிட்டர் என்று தரகர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது உச்சக் கறவை. கன்று போட்ட ஆறு முதல் எட்டு வாரத்தில் மாடு அந்த அளவைத் தொடும். பிறகு மாதா மாதம் இறங்கிக்கொண்டே வந்து, பத்தாவது மாதத்தில் நாலு ஐந்து லிட்டரில் நிற்கும். அதன்பின் அடுத்த கன்றுக்கு முன் இரண்டு மாதம் கறவையை வற்ற விட்டே ஆக வேண்டும். உச்சக் கறவையை 200 ஆல் பெருக்கினால் ஓர் ஈத்தில் கிடைக்கும் மொத்தப் பால் ஏறக்குறைய வந்துவிடும் என்பது எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு. சந்தையில் 15 என்று வாங்கிய மாடு வீட்டில் 13 கறந்தால் நல்ல மாடுதான். அந்த மாடு ஓர் ஈத்தில் 2,600 லிட்டர் தரும். கன்றுக்கு 200 லிட்டர் விட்டால் விற்க மிஞ்சுவது 2,400. ஆவின் தரும் 35 ரூபாயும் அதற்கு மேல் 2023 டிசம்பர் முதல் அரசு தரும் 3 ரூபாய் ஊக்கத்தொகையும், கொழுப்பும் இதர சத்தும் சரியாக இருக்கும் பாலுக்குத்தான். எச்.எப். பாலில் கொழுப்பு குறைவு, அதனால் கொஞ்சம் வெட்டு விழும். சராசரியாக உங்கள் 35 ரூபாயையே வைத்துக்கொள்வோம். 84,000 ரூபாய் வருகிறது.

இது எத்தனை நாளைக்கான வருமானம் என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். சினைக்காலம் 280 நாள். கன்று போட்டு இரண்டு மாதம் ஓய்வு, அதற்கப்புறம் ஊசி போட்டுச் சினை பிடிக்க நாற்பது ஐம்பது நாள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையே பதின்மூன்று மாதம். அந்த 84,000 இந்தப் பதின்மூன்று மாதத்துக்கும் சேர்த்துத்தான்.

இனி செலவு. கலப்புத் தீவனம் உடம்புக்கு ஒன்றரை கிலோ, அதன்மேல் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ. கறவை நாளில் சராசரி ஐந்து கிலோ, வற்றிய நாளில் இரண்டு கிலோ என்று வைத்தால் மொத்தம் 1,700 கிலோ வரும். கிலோ 28 ரூபாய் என்றால் 47,600. சோளத்தட்டோ வைக்கோலோ நாளைக்கு ஐந்து கிலோ, கிலோ 6 ரூபாய் என்று 12,000. சொந்தக் காட்டுப் பசுந்தீவனத்துக்கும் தண்ணீர், எரு, வெட்டுக்கூலி உண்டு, அது 8,000. தாது உப்பு, ஊசி, மருந்து, காப்பீடு எல்லாம் சேர்த்து 9,000. கூட்டினால் ஏறத்தாழ 77,000. மிஞ்சுவது 7,000. சாணத்தை எருவாக 5,000 மதிப்பிட்டால் 12,000. ஒரு மாட்டில் பதின்மூன்று மாதத்துக்கு இவ்வளவுதான், அதுவும் உங்கள் வீட்டு உழைப்புக்குக் கூலி போடாமல்.

இதைப் பத்தால் பெருக்கினால் மாதம் ஒன்பதாயிரத்துச் சொச்சம். எட்டு லட்சத்தை 11 சதவீத வட்டியில் ஐந்து வருடத்தில் கட்ட மாதத் தவணை மட்டும் 17,400. பத்து மாட்டை வீட்டாள் மட்டும் பார்க்க முடியாது, ஓர் ஆள் வைத்தால் அவர் கூலி தனி. உங்கள் ஊர்ப் பக்கம் தகரக் கொட்டகை நின்று மாடு இல்லாத பண்ணைகளைப் பார்த்திருப்பீர்கள். பலவற்றின் கதை இந்தத் தவணைதான்.

அப்படியானால் பால் மாட்டில் எவருமே சம்பாதிக்கவில்லையா என்றால், சம்பாதிக்கிறார்கள். அவர்கள் மூன்று இடத்தில் கணக்கை மாற்றியிருப்பார்கள்: மாடு சினையில்லாமல் நிற்கும் நாளைக் குறைப்பது, பயறு வகைத் தீவனத்தைச் சொந்தமாக வளர்ப்பது, பாலில் ஒரு பங்கை நேராக வீடுகளுக்கு விற்பது. முதலாவதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். அதைப் பற்றி விற்பவர் எவரும் உங்களிடம் பேச மாட்டார்.

கறவை வற்றிச் சும்மா நிற்கும் மாடு நாளைக்கு 110 ரூபாய்க்குத் தின்னும். மாடு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அந்த ஒரு பருவத்தை நீங்கள் கவனிக்காமல் விட்டால் அடுத்ததற்கு 21 நாள் காத்திருக்க வேண்டும், அதற்கு விலை 2,300 ரூபாய். நாலு பருவம் தவறினால் 9,000க்கு மேல் போய்விடும். மேலே மிஞ்சிய 12,000ல் முக்கால் பங்கு அது. சிலர் அடுத்த சினை இல்லாவிட்டாலும் கடைசி வரை கறந்துகொண்டே இருப்பார்கள். மூன்று லிட்டர் பாலுக்கு 105 ரூபாய், தீனிக்கே போதாது. பதின்மூன்று மாத இடைவெளி பதினாறு, பதினேழு மாதமாக நீள்வது கிராமத்தில் வெகு சாதாரணம். ஆனால் அதனால் வரும் நட்டம் யார் கண்ணுக்கும் படாது. மாடு சாகவில்லை, நோய் வரவில்லை, பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

பருவம் 12 முதல் 18 மணி நேரம்தான் இருக்கும். மாடு கத்தும், அடிக்கடி சிறுநீர் விடும், தீனியில் நாட்டம் குறையும், அன்றைக்குப் பாலும் சற்றுக் குறையும். பிறப்புறுப்பிலிருந்து கண்ணாடி மாதிரிக் கோழை கயிறாகத் தொங்கும். வேறு மாடு மேலே ஏறினால் நகராமல் நிற்கும். இதுதான் உறுதியான அடையாளம். ஆனால் கட்டுத்தரையில் கட்டியே கிடக்கும் மாட்டில் இதைப் பார்க்க முடியாது. எச்.எப். கலப்பினமோ, நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் கத்தாமலே பருவத்தைக் கடத்திவிடும். அதனால் விடியற்காலை பால் கறக்கும் முன் ஒரு தடவை, இரவு ஒன்பது பத்து மணிக்கு ஒரு தடவை டார்ச் அடித்து வால் அடியையும் படுத்த தரையையும் பாருங்கள். பின்தொடையில் காய்ந்த கோழை ஒட்டியிருந்தால் வந்து போயிருக்கிறது என்று பொருள். காலையில் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில் ஊசி. கோழை கலங்கலாகவோ சீழ் கலந்தோ இருந்தால் ஊசி போடக் கூடாது. கருப்பையில் புண் இருக்கிறது, முதலில் வைத்தியம்.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். மாட்டுக்கு ஒரு பக்கம். கன்று போட்ட தேதி, பருவம் கண்ட தேதி, ஊசி போட்ட தேதி. ஊசி போட்ட நாளிலிருந்து 18 முதல் 24 நாள் வரை அந்த மாட்டை மட்டும் தனிக் கவனத்தோடு பாருங்கள். திரும்பாவிட்டால் சினை என்று நம்பிக்கொண்டு விட்டுவிடாமல், இரண்டு மூன்று மாதத்தில் கால்நடை மருந்தகத்தில் கை விட்டுப் பரிசோதித்து உறுதி செய்யுங்கள். மூன்று ஊசிக்கும் நிற்காத மாட்டுக்கு நாலாவது ஊசி போடும் முன் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பல இடங்களில் காரணம் தாது உப்புக் குறைவுதான். நாளைக்கு ஐம்பது கிராம் உப்பை மிச்சம் பிடித்து, 2,300 ரூபாயைத் தொலைப்பார்கள்.

அடுத்தது தீவனம். இதில் வரிசை முக்கியம்: மாடு வருவதற்கு மூன்று மாதம் முன்பே தீவனம் மண்ணில் இருக்க வேண்டும். சும்மா கிடக்கும் அந்த ஒரு ஏக்கர்தான் உங்கள் பண்ணையின் உண்மையான முதலீடு. அரை ஏக்கரில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், கோ 4 அல்லது கோ 5. ஏக்கருக்கு சுமார் 13,000 கரணை என்பதால் உங்களுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு போதும். இரண்டு கணு உள்ள கரணையாக, வரிசைக்கு வரிசை 60 செ.மீ., கரணைக்குக் கரணை 50 செ.மீ. விட்டு நடுங்கள். முதல் வெட்டு 75 முதல் 80 நாளில், அப்புறம் 45 நாளுக்கு ஒரு வெட்டு. அந்த 45 நாளை மனதில் வைத்து அரை ஏக்கரை 45 பாத்தியாகப் பிரித்துவிடுங்கள், ஒவ்வொன்றும் 22 அடிக்கு 22 அடி வரும். நாளுக்கு ஒரு பாத்தி. வெட்டிய அன்றே அதற்கு எருவும் தண்ணீரும். ஒரு பாத்தியில் 100 கிலோ கிடைத்தால் நாலு மாட்டுக்கு நாளைக்கு 25 கிலோ வீதம் சரியாக வரும். ஏக்கருக்கு 150 டன் என்று சொல்லும் விளைச்சலில் இது பாதிதான். கோடையில் கிணறு இறங்கும்போது என்ன கிடைக்குமோ அதை வைத்துத் திட்டமிடுங்கள்.

வெறும் நேப்பியர் போதாது. அதில் புரதம் குறைவு, ஆக்சலேட் இருப்பதால் சுண்ணாம்புச் சத்தையும் பிடித்துக்கொள்ளும். 40 சென்ட்டில் பயறு வகைத் தீவனமான வேலிமசால் போடுங்கள், வரப்பில் அகத்தி ஊன்றுங்கள். வேலிமசால் விதைக்குத் தோல் கெட்டி. அப்படியே விதைத்துவிட்டு முளைக்கவில்லை என்று விதைக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறவிட்டு, விதையை அதில் நாலைந்து நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். 90 நாளில் முதல் வெட்டு. கறக்கும் மாட்டுக்கு இதில் எட்டுப் பத்து கிலோ போட்டால் கலப்புத் தீவனத்தில் ஒன்றரை கிலோ குறைக்கலாம். ஓர் ஈத்தில் 12,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். தீவனச் சோளம் போட்டால் பூக்கும் முன் மாட்டுக்குக் காட்டாதீர்கள், தண்ணீர் இல்லாமல் வாடிய இளம் பயிரைத் தவறியும் காட்டாதீர்கள். அதிலிருக்கும் நஞ்சு மாட்டை ஒரு மணி நேரத்தில் சாய்த்துவிடும், மருத்துவர் வண்டி எடுப்பதற்குள் முடிந்துபோகும்.

மூன்றாவது விற்பனை. உங்கள் பாலில் பாதியை அந்தியூர் டவுனில் வீடுகளுக்கு 50 ரூபாய்க்குக் கொடுத்தால், பெட்ரோலும் மீந்த பாலும் போக ஒரு மாட்டுக்கு ஈத்துக்கு 12,000 கூடும். மீதிப் பாதியைப் பால் சங்கத்துக்கு ஊற்றுவதை விடாதீர்கள். பள்ளி விடுமுறையில் வீடுகள் பூட்டிக்கிடக்கும்போது பாலை வாங்கிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். நேரடி விற்பனைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள், அது பெரிய வேலையில்லை.

மூன்றையும் சரியாகச் செய்தால் ஒரு மாட்டுக்கு 36,000. நாலு மாட்டுக்கு, மாதத்துக்குப் பங்கிட்டால் 11,000. உங்கள் சம்பளத்தில் பாதிகூட இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் இதில் பெரும்பங்கு கடன் தவணைக்குப் போகாமல் வீட்டில் நிற்கும் பணம். பெண் கன்று தங்கினால் அது தனி. நன்றாக வளர்த்தால் ஒன்றரை வயதுக்குள் ஊசிக்குத் தயாராகி, இரண்டரை வயதுக்குள் கறவைக்கு வந்துவிடும். மூன்றாம் வருடம் ஆறு, ஏழு மாடு என்று ஆவது அப்படித்தான் ஆக வேண்டும்.

உங்கள் 4 லட்சத்தை இப்படிப் பிரியுங்கள். நாலு மாடு நிற்கும் கொட்டகைக்கு 1,20,000. மாட்டுக்கு 40 சதுர அடி நிழல், அதைப் போல இரண்டு மடங்கு திறந்த இடம். கிழமேற்காக நீளம் இருந்தால் வெயில் உள்ளே விழாது. ஓட்டின் கீழே சூடு இறங்காமல் தென்னங்கீற்று வேயுங்கள். தரைக்கு வழுக்காத சொரசொரப்பு வேண்டும், டைல்ஸ் போட்டு அழகு பார்க்க வேண்டாம். புல் நறுக்கும் இயந்திரத்துக்கு 30,000, தீவனப் பயிருக்கும் குழாய்க்கும் 30,000. இரண்டு மாடு 1,50,000. மீதி 70,000ஐத் தொடாமல் வைத்திருங்கள். முதல் மாதமே ஒரு மடிநோய் வந்தால் எங்கிருந்து எடுப்பது? பால் கறக்கும் இயந்திரம் நாலு மாட்டுக்குத் தேவையில்லை.

இரண்டிரண்டாக வாங்கச் சொல்வதற்குப் பணம் மட்டும் காரணமல்ல. பத்தையும் ஒரே வாரத்தில் இளங்கன்றோடு வாங்கினால் பத்தும் ஒன்றாக உச்சத்துக்குப் போய், பத்தும் ஒன்றாக வற்றும். பதினோராவது மாதம் ஒரு லிட்டர் விற்க இருக்காது, தவணை மட்டும் வரும். ஆறு மாத இடைவெளியில் வாங்கினால் ஒரு ஜோடி வற்றும்போது அடுத்த ஜோடி கறக்கும், வீடுகளுக்குப் பால் நிற்காது.

எச்.எப். மட்டும் என்ற பிடிவாதத்தையும் கொஞ்சம் தளர்த்துங்கள். சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பினம், நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைக்கு எச்.எப். என்பதுதான் தமிழக அரசின் இனப்பெருக்கக் கொள்கை. ஜெர்சி இரண்டு லிட்டர் குறைவாகக் கறக்கும், ஆனால் கொழுப்பு கூட, தீனி குறைவு, வெயில் தாங்கும். முதல் ஜோடியில் ஒன்றாவது ஜெர்சியாக இருக்கட்டும்.

வாங்குவது பற்றி. ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தை வியாழக்கிழமை கூடும், நல்ல மாடும் வரும், கழிக்கப்பட்ட மாடும் வரும். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவது தெரியாதவர் அங்கே தனியாகப் போகக் கூடாது. முடிந்தால் சந்தையைத் தவிர்த்து, பக்கத்து ஊர்களில் விவசாயி வீட்டுக் கட்டுத்தரையிலேயே வாங்குங்கள். இரண்டாம் ஈத்து, கன்று போட்டு மூன்று வாரத்துக்குள் இருக்கும் மாடு உங்களுக்கு ஏற்றது. பல்லைப் பாருங்கள்: ஆறு பல் என்றால் மூன்றரை, நாலு வயது. எட்டுப் பல்லும் தேய்ந்திருந்தால் அவர்கள் சொல்லும் ஈத்துக் கணக்கை நம்பாதீர்கள்.

பாலை மூன்று வேளை நேரில் நின்று கறந்து பாருங்கள், ஒரு மாலை, மறுநாள் காலை, மறுபடி மாலை. ஒரு வேளை கறக்காமல் விட்டு மடியை நிரப்பிக் காட்டுவது பழைய வித்தை. முதல் மாலைக் கறவை எவ்வளவு இருந்தாலும் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், மடி காலியானதற்கு அப்புறம் வரும் இரண்டு வேளைதான் உண்மை. ஊசி போட்டால்தான் பால் இறங்கும் என்று பழக்கப்பட்ட மாடாக இருந்தால் அந்த மூன்று வேளையில் தெரிந்துவிடும். யாராவது இடையில் சிரிஞ்சோடு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒவ்வொரு காம்பிலும் முதல் நாலு பீச்சை ஒரு கறுப்புத் துணிமேல் விட்டுப் பாருங்கள். திட்டுத் திட்டாகவோ தண்ணீராகவோ வந்தால் மடிநோய் இருக்கிறது. கறந்து முடித்த மடி சுருங்கிய துணிப்பை போல் தொளதொளவென்று ஆக வேண்டும். கறந்த பிறகும் ஒரு பக்கம் கல்லாக இருந்தால் அந்தக் காம்பு போய்க்கொண்டிருக்கிறது, விலையைக் குறைத்தாலும் வேண்டாம். கூட நிற்கும் கன்று அந்த மாட்டினுடையதுதானா என்றும் பாருங்கள்; தன் கன்றை மாடு நக்கும், வேற்றுக் கன்றை முட்டித் தள்ளும்.

வாங்கிய மாட்டை நேராக மற்ற மாடுகளோடு கட்டாமல் மூன்று வாரம் தனியாக வையுங்கள். கோமாரியும் உண்ணிக் காய்ச்சலும் பெரும்பாலும் புது மாட்டோடுதான் வருகின்றன. கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசே இலவசமாகப் போடுகிறது. போட்ட மறுநாள் பால் குறைகிறது என்று முகாமுக்கு மாட்டை ஓட்டாமல் மறைத்து வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குறைவது இரண்டு மூன்று நாளைக்கு ஒன்றிரண்டு லிட்டர். கோமாரி வந்தால் அந்த ஈத்துப் பாலே போகும், பிழைத்த மாடும் வெயிலில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். தோல் கழலை நோய் 2022ல் நாட்டையே ஆட்டியது நினைவிருக்கும், அதற்கும் தடுப்பூசி உண்டு. எல்லாவற்றையும் விட அடிக்கடி வருவது மடிநோய்தான். கறந்ததும் காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை மாடு படுக்காமல் இருக்க, கறந்தவுடன் புல் போடுங்கள். நின்று தின்னும். செலவில்லாத வைத்தியம் இது. மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் போட்டால் மருத்துவர் சொல்லும் நாள் வரை அந்தப் பாலை வீட்டுக்கும் சங்கத்துக்கும் கொடுக்கக் கூடாது.

கன்று போட்ட முதல் இரண்டு மூன்று நாளில், நன்றாகக் கறக்கும் மாடு திடீரென்று கழுத்தை வயிற்றுப் பக்கம் மடித்துப் படுத்துக்கொண்டு, காது சில்லென்று இருந்தால் அது பால் சுரம். பெயர்தான் சுரம், உடம்பு குளிர்ந்திருக்கும். கால்சியம் நரம்பில் ஏற்றினால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்கும். விடியட்டும் என்று காத்திருந்தால் மாடு போய்விடும். நீங்களே வாயில் எதையும் ஊற்றாதீர்கள், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போகும். மருத்துவர் எண்ணைக் கொட்டகைச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

மானியம் பற்றி. பாதி மானியம் என்று நீங்கள் கேள்விப்பட்டது தேசிய கால்நடை இயக்கத்தின் தொழில்முனைவோர் திட்டமாக இருக்க வேண்டும். அது கோழி, ஆடு, பன்றி வளர்ப்புக்கும் தீவன உற்பத்திக்கும் உள்ளது, கறவை மாடு வாங்க அதில் இடமில்லை. வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உங்களுக்குப் பயன்படுவது கால்நடைக்கான கிசான் கிரெடிட் கார்டு. அது மாடு வாங்க அல்ல, தீவனம், மருந்து போன்ற நடைமுறைச் செலவுக்கு. 2 லட்சம் வரை வட்டி 7 சதவீதம். தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதத்தில் முடியும். இரண்டாவது ஜோடிக்கு மட்டும் வங்கியில் ஒன்றரை லட்சம் கேளுங்கள், அதைப் பால் பணத்திலேயே கட்டலாம்.

காப்பீடு கட்டாயம். காதில் இருக்கும் பன்னிரண்டு இலக்கத் தோடு எண்ணும் பாலிசியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று அன்றே சரிபாருங்கள். தோடு விழுந்தால் உடனே தகவல் கொடுத்துப் புதுத் தோடு போடுங்கள், தோடு இல்லாத மாட்டுக்குப் பணம் வராது. மாடு செத்தால் புதைக்கும் முன் கம்பெனிக்குச் சொல்லி, மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்றும் வாங்க வேண்டும். துக்கத்தில் முதலில் குழி தோண்டிவிட்டுப் பிறகு வருகிறவர்களுக்கு நாங்கள் எதுவும் செய்ய முடிவதில்லை.

பயிற்சிக்கு நீங்கள் தூரம் போக வேண்டாம். கோபியில் மைராடா வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஈரோட்டில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையமும், கனரா வங்கியின் கிராமப்புறச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையமும் உள்ளன. பின்னதில் பத்து நாள் இலவசமாக, தங்கிப் படிக்கலாம், சான்றிதழ் வங்கிக் கடனுக்கும் உதவும். ஆனால் அந்த வகுப்பு எதிலும் உங்கள் கை பழகாது. மாடு வாங்கும் முன் ஊரில் ஐந்தாறு மாடு வைத்திருப்பவர் வீட்டில் விடுமுறை நாட்களிலாவது போய் நின்று, நாலு மணிக்கு எழுந்து சாணம் அள்ளி, கறந்து, தண்ணீர் காட்டிப் பாருங்கள். அதையும் மழைக்காலத்தில் செய்யுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒன்று இல்லை. வீட்டில் உங்கள் மனைவி என்ன சொல்கிறார்? நீங்கள் திருப்பூரில் இருக்கும் முதல் வருடத்தில் பருவம் பார்ப்பதும் கறப்பதும் சங்கத்துக்குப் போவதும் அவரும் உங்கள் பெற்றோரும்தான். வயதான அப்பா 100 கிலோ புல்லை தினமும் வெட்டிச் சுமக்க முடியுமா என்றும் யோசியுங்கள். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் இரண்டு மாடும் வேண்டாம். ஒப்புக்கொண்டால் பயிற்சிக்கு உங்கள் மனைவியையும் அனுப்புங்கள், நோட்டு அவர் கையில் இருக்கட்டும், சங்கத்து உறுப்பினர் பெயரும் அவருடையதாக இருக்கட்டும்.

வேலையை எப்போது விடலாம் என்றால், முதல் இரண்டு மாடும் உங்கள் கொட்டகையிலேயே சினை பிடித்து, பதினான்கு மாதத்துக்குள் மறுகன்று போட வேண்டும். அந்த ஒரு முழுச் சுற்றின் வரவு செலவு நோட்டில் இருக்க வேண்டும். இப்போது ஆடிப் பட்டத்துக்கு முன் கரணைக்குச் சொல்லி வையுங்கள். தரகருக்கு முன்பணம் எதுவும் கொடுத்திருந்தால், மூன்று வேளை கறந்து பார்த்த பிறகே மீதி என்று இரண்டு மாட்டுக்கு மட்டும் பேசி மாற்றிக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த முன்பணத்தை விட்டுவிடுவது மலிவு.